தேமல் திரும்பி வரும்போது



தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது தேமல். லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலை மருந்தகம் திறந்து வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கட்டுமானத் தளத்திலோ கப்பல் பட்டறையிலோ வேலை பார்க்கும் இளைஞர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுவார். தேசிய சேவையில் இருக்கும் பையனும் அதே கேள்வியோடுதான் வருவான்: "போன வருஷம் போட்ட மருந்து கேட்கலையே, ஏன்?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு வேறு நிலைகள் இருக்கின்றன. பூஞ்சை செத்தும் வெளுப்பு மட்டும் மாறாமல் இருப்பது ஒன்று. பூஞ்சை மறுபடி பெருகியிருப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் நாம் அதிகம் தவறுகிறோம்.

தேமலைப் பூஞ்சையோடு முதலில் தொடர்புபடுத்தியவர் ஐக்ஸ்டெட், ஆண்டு 1846. இன்று அந்தப் பூஞ்சையை மலசீசியா என்கிறோம். நம் எல்லோர் தோலிலும் அது குடியிருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பை அதனால் தயாரித்துக்கொள்ள முடியாது. நம் தோல் சுரக்கும் எண்ணெயைத்தான் நம்பியிருக்கிறது. அதனால்தான் எண்ணெய்ச் சுரப்பு மிகுந்த இளவயதில், நெஞ்சிலும் முதுகிலும், வியர்வை காயாத ஊர்களில் அது இழையாக நீண்டு தேமலாகிறது. ஆண்டு முழுதும் புழுங்கும் சிங்கப்பூரில் அதற்கு ஓய்வுக் காலமே கிடையாது. அது சுரக்கும் அமிலங்கள் நிறமி உருவாவதைத் தடுக்கின்றன. பூஞ்சை ஒழிந்த பிறகும் நிறம் திரும்பப் பல மாதங்கள் ஆகும். சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுத்திருந்தால் வெளுப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

அந்த இரண்டு நிலைகளையும் பிரித்தறிய நகமே போதும். தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்து, திட்டின் மேல் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தவிடு போலப் பொடி உதிர்ந்தால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. பொடி வராமல் வழுவழுவென்று இருந்தால் பெரும்பாலும் மிஞ்சியிருப்பது வெளுப்புதான்; காத்திருக்கச் சொல்லலாம். ஐயம் இருந்தால் அந்தப் பொடியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். குட்டை இழைகளும் உருண்டை அணுக்களும் கலந்து தெரியும். சுண்ணாம்பு வெள்ளையாகப் பொடியின்றி இருந்தால் வெண்புள்ளியை நினையுங்கள். பஞ்சு பட்டது தெரியவில்லை என்றால் தொழுநோய்க்கான பரிசோதனை வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. துவாஸில் தங்குவிடுதியில் இருக்கும் இருபத்தாறு வயது தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். முதுகு முழுக்க, நெஞ்சு முழுக்கத் திட்டுகள். 15 கிராம் களிம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறார். விரல் நுனியளவு களிம்பு அரை கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குத்தான் வரும். உடலின் முன்பக்கத்துக்கு ஏழு, பின்பக்கத்துக்கு ஏழு என்றால் ஒருவேளைக்கே 7 கிராம். குழாய் இரண்டே வேளையில் தீர்ந்துவிடும். அவர் அதை இரண்டு வாரம் ஓட்டியிருப்பார். கை எட்டாத நடுமுதுகை விட்டிருப்பார். ஊரிலிருந்து வந்த ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருந்தால் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது.

அவருக்குக் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புதான் பொருத்தம். உடலை நனைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை, மேல்கையிலும் தடவி, ஐந்து நிமிடம் நின்று, பிறகு அலச வேண்டும். நாளுக்கு ஒருமுறை, ஐந்து நாள். பொதுக் குளியலறையில் வரிசை நிற்கும்போது அந்த ஐந்து நிமிடம்தான் முதலில் பறிபோகிறது. கூட்டம் குறைந்த நேரத்தைக் கேட்டுச் சொல்லுங்கள். முதுகுக்கு அறைத்தோழர் உதவட்டும். தேமல் ஒட்டிக்கொள்கிற நோயில்லை என்பதையும் அந்தத் தோழரிடமே சொல்லிவிடுங்கள்.

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக: கீட்டோகோனசோல் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கக்கூடும் என்பதால் தேமலுக்கு வேண்டாம். டெர்பினாஃபின் மாத்திரை இதற்குக் கேட்காது. பரவலாக இருந்தால் இட்ராகோனசோல் தரலாம். இதயச் செயலிழப்பு உண்டா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்காமல் தர வேண்டாம்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், ஓராண்டில் பத்துப் பேரில் ஆறு பேருக்குத் திரும்ப வரும் என்று நூல்கள் சொல்கின்றன. அழுக்கோ சோம்பலோ இதற்குக் காரணமில்லை. ஒழித்த பூஞ்சையே நம் உடம்பில் நிரந்தரக் குடி என்பதுதான் காரணம். ஆகவே முதல் நாளே அதைச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதே ஷாம்புவைத் தேய்த்துக் குளிக்கவும், உடம்பில் எண்ணெய் தடவுவதைக் குறைக்கவும், வேலை முடிந்ததும் நனைந்த பனியனைக் கழற்றவும் சொல்லி அனுப்புங்கள்.

இன்றைய அமர்வுகளில் பேசுவோரிடம் ஒரு வேண்டுகோள். திரும்ப வந்த நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது, சுரண்டியபோது பொடி வந்ததா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் எந்த மருந்து தோற்றது என்று நாம் விவாதிக்க முடியாது. முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.