வருகை நேரம் அறிந்து அறை ஒதுக்குவோம்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் நிகழ்ந்த பஞ்சகல்யாணப் பெருவிழாவில், விருந்தினரைத் தங்கவைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. உறவின் நெருக்கத்தைப் பார்த்து அறைகளைப் பகிர்ந்தேன். கதிரவன் மறைந்தபின் வந்த மூதாட்டி ஒருவருக்கு எஞ்சியது இரண்டாம் மாடி அறை. இரவில் உண்ணா நெறியினர் ஆதலின் பசியோடு படியேறினார். ஒரு சொல்லும் குறை கூறவில்லை. என் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. வயதும் வரும் நேரமும் இல்லை.

அடுத்த விழாவில் 38 பேர் வந்தனர். பக்கத்து நகர விடுதியில் 14 அறைகள் பதிவு செய்தோம். பத்து அறைகளில் மும்மூவர், இரண்டில் நந்நால்வர். மீதி இரண்டு அறைகளை யாருக்கும் ஒதுக்கவில்லை. சொல்லாமல் வருவோர்க்கும், நீர்க்குழாய் பழுதாகும் அறையினர்க்கும் அவை வேண்டும்.

பதிவின்போது விடுதியாரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்க வேண்டும்: வாடகை 24 மணி நேரக் கணக்கா, நண்பகல் 12 மணிக் கணக்கா? நண்பகல் கணக்காயின், விடியற்காலை 5 மணிக்கு வருவோர்க்கு முதல்நாளே அறை எடுக்க நேரும். இதனை மறந்தால் விருந்தினர் மூட்டையோடு வாயிலில் காத்திருப்பர். அடையாள அட்டையைக் கொண்டுவருமாறு முன்னரே சொல்லிவிடுதலும் நலம்.

ஒதுக்கீட்டு அட்டவணைக்கு ஒரு தாளே போதும். அறை எண், தளம், பெயர்கள், கைப்பேசி எண், வரும் நாளும் நேரமும், தேவை, சாவி என ஏழு கட்டங்கள். வரிகளை வருகை நேரப்படி அடுக்குங்கள். முதியோர்க்கும் முழங்கால் வலியுடையோர்க்கும் தரைத்தளத்தை முதலில் நிரப்பிய பின்னரே மற்றவர்க்கு மாடி. திருத்தும் பேனா ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இருவர் திருத்தினால் ஓர் அறை இரு குடும்பங்களுக்குப் போய்விடும்.

அது மாசி மாதம். மாலை ஏறத்தாழ 6.15க்குப் பொழுது சாயும். ஆகவே 5 மணிக்குமேல் வருவோர் பெயருக்கு நேரே ‘முதலில் உணவுக்கூடம்’ என்று எழுதினோம். அவர்கள் உண்டபின் அறைக்குச் சென்றனர்; பெட்டிகளைத் தொண்டர்கள் முன்னரே கொண்டுபோய் வைத்தனர்.

வரவேற்புப் பையில் நிகழ்ச்சி நிரல், அறை எண்ணும் தொண்டர் கைப்பேசி எண்ணும் எழுதிய சீட்டு, நீர் வடிகட்ட இரண்டாக மடித்துத் தைத்த வெள்ளைத் துணி, சோப்பு, பொரியுருண்டை ஆகியவற்றை வைத்தோம். கொசுவர்த்திச் சுருளை விடுத்து, அறைதோறும் கொசுவலை தந்தோம். பையின்மேல் அறை எண்ணை எழுதியதால், பையைக் கொடுக்கும்போதே சாவியும் சரியான கைக்குப் போயிற்று.

அம்முறையும் அந்த மூதாட்டி வந்தார். பொழுதிருக்கவே உண்டு, தரைத்தள அறையில் உறங்கினார். மறுநாள் விடியலில் திருமஞ்சனத்துக்கு முதல் ஆளாய் வந்து நின்றார்.