காபிக்கு எந்தத் தண்ணீர்?

ஒரே பொடியில் போட்ட டிகாக்‌ஷன், போர்வெல் தண்ணீரில் மந்தமாகவும், ஆர்.ஓ. தண்ணீரில் சுள்ளென்று புளிப்பாகவும் இருக்கும். ஏன் தெரியுமா?

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும். அவை பொடியின் சுவையை இழுத்து இறக்க உதவுகின்றன. காரத்தன்மை வேறு, அது பைகார்பனேட். காபிக்கு உயிர் தரும் மெல்லிய புளிப்பை அது அடக்கிவிடும். அதிகமானால் காபி சப்பென்று ஆகிவிடும். அதே உப்பு மிகக் குறைவாக இருப்பதால்தான் ஆர்.ஓ. தண்ணீரில் புளிப்பு தூக்கலாகிறது.

காபிக்கு லிட்டருக்கு 40 மில்லிகிராம் காரத்தன்மை போதும் என்பார்கள். உங்கள் குழாய் நீரில் 200 இருந்தால், அதில் ஒரு டம்ளருக்கு நான்கு டம்ளர் ஆர்.ஓ. நீர் கலந்தால் கணக்கு சரியாகிவிடும். அளவறிய, மீன்தொட்டிக் கடையில் கே.எச். சோதனைச் சொட்டு மருந்து கிடைக்கும்.

ஆர்.ஓ. இல்லையா? கடினநீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். வெள்ளையாக அடியில் படிந்ததை விட்டு, தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். காரமும் கடினமும் ஓரளவு குறைந்திருக்கும். உப்புப் போட்டு இயக்கும் சாஃப்ட்னர் மட்டும் இதற்கு உதவாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தரும். பைகார்பனேட் அப்படியே நிற்கும்.

பாலும் சிக்கரியும் தாராளமாகச் சேர்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தண்ணீரைக் கலந்து பார்ப்பவர்கள், முதலில் பால் சேர்க்காத டிகாக்‌ஷனை ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள்.