வேலை விளம்பரத்தில் எது கட்டாயம், எது விருப்பம்?

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த வேலைவாய்ப்பு வழிகாட்டுதல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



படிப்பு முடித்து வேலை தேடும் பிள்ளைகளும், குழந்தைகளுக்காக வேலையை விட்டு இப்போது திரும்ப நினைப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். விளம்பரத்தில் பத்துத் தகுதி போட்டிருக்கும். ஏழுதான் நம்மிடம் இருக்கும். விண்ணப்பிக்கலாமா, விட்டுவிடலாமா?

ஒரு உதாரணம் பார்ப்போம். "அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை. பி.காம்., 3 முதல் 5 ஆண்டு அனுபவம், டேலி, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., எஸ்.ஏ.பி., இந்தி. சி.ஏ. இன்டர் முடித்தவர்களுக்கு முன்னுரிமை." உங்களுக்கு இரண்டரை வருட அனுபவம். எஸ்.ஏ.பி., இந்தி, சி.ஏ. இன்டர் மூன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகுதிப் பட்டியலை முதலில் படிக்காதீர்கள். "பணிகள்" என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே இப்படி இருக்கிறது: பில்களை டேலியில் ஏற்றுவது, மாதாமாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவது, டி.டி.எஸ். கட்டுவது. இனி ஒவ்வொரு தகுதிக்கும் இந்தப் பணிகளில் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

டேலிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் டி.டி.எஸ்.ஸுக்கும் இடம் இருக்கிறது. மாத ரிட்டர்ன் என்றால் பொதுவாக 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி போட வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் விழும். சேர்ந்த மாதமே அந்தத் தேதி வந்துவிடும் என்பதால், கற்றுக்கொடுக்க அவர்களுக்கு நேரமில்லை. இவை கட்டாயம்.

எஸ்.ஏ.பி.க்கு அங்கே எந்த வேலையும் இல்லை. பழைய விளம்பரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். அது விருப்பம்தான். இந்தியும் அப்படியே, ஆனால் "வட மாநில சப்ளையர்களிடம் பேசுவது" என்று பணிகளில் இருந்தால் கட்டாயமாகிவிடும். சி.ஏ. இன்டருக்கு "முன்னுரிமை" என்ற சொல்லே பதில் சொல்லிவிடுகிறது.

"3 ஆண்டு" என்பதற்கு, பக்கத்தில் ஆள் இல்லாமல் வேலையை முடிப்பவர் என்று பொருள். ரிட்டர்னை நீங்களே போட்டுப் பழகியிருந்தால் இரண்டரை வருடம் போதும், விண்ணப்பியுங்கள். ஆறு மாத அனுபவம் என்றால் இந்த வேலை இப்போதைக்கு வேண்டாம்.

மூன்று இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது. அரசு அறிவிக்கையில் வயது, கல்வித்தகுதி எல்லாம் எழுதியபடியேதான். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி. மருந்தாளுநர், செவிலியர், ஓட்டுநர் போன்ற வேலைகளில் பதிவோ உரிமமோ சட்டம் கேட்பது. நிறுவனம் நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆன்லைன் படிவத்தில் "எஸ்.ஏ.பி. தெரியுமா? ஆம்/இல்லை" என்று தனிக் கேள்வி வந்தால், அதை வைத்தே வடிகட்டுகிறார்கள் என்று கொள்ளுங்கள். அங்கே பொய் சொல்லாதீர்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

சந்தேகம் இருந்தால் எச்.ஆருக்கு ஒரே வரி எழுதுங்கள்: "முதல் மூன்று மாதத்தில் எஸ்.ஏ.பி.யில் வேலை இருக்குமா?" பதிலைப் பார்த்து முடிவெடுங்கள்.