எந்தப் பதிவு விற்றது?

வீட்டில் இட்லிப் பொடி அரைத்துத் தன் வலைத்தளத்தில் விற்கிற ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் இன்ஸ்டாகிராமில் இரண்டு பதிவு போடுகிறார். ஒன்று, வாழையிலையில் இட்லியும் பொடியும் வைத்த அழகான படம். மற்றொன்று, வறுத்த மிளகாயும் உளுந்தும் உரலில் இடிபடுகிற வீடியோ. படத்துக்குத்தான் லைக் அதிகம். வாரக் கடைசியில் 40 ஆர்டர். எதைப் பார்த்து வந்தவை?

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, இணைப்பில் அடையாளம் சேர்ப்பது. கடை முகவரியின் பின்னால் கேள்விக்குறி போட்டு, utm_source என்பதில் எந்தத் தளம், utm_content என்பதில் எந்தப் பதிவு என்று எழுதிவிட்டால், அதைத் தொட்டு வருகிறவரின் வழி கூகுள் அனலிட்டிக்ஸில் பதிவாகிவிடும். instagram என்று ஒரு நாளும் Instagram என்று மறுநாளும் எழுதினால் இரண்டும் வெவ்வேறு இடமாகக் கணக்கில் ஏறும். அதனால் எப்போதும் சின்ன எழுத்தே போடுங்கள்.

ஆனால் இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. சுயவிவரப் பக்கத்திலோ ஸ்டோரியிலோதான் கொடுக்க வேண்டும். பேருந்தில் வீடியோ பார்த்தவர் கடைப் பெயரை நினைவில் வைத்து, இரவில் வீட்டுக் கணினியில் தேடி வாங்குவார். அவரை இணைப்பு தவறவிடும், கூப்பன் பிடித்துவிடும். வீடியோவுக்கு IDI5, படத்துக்கு ILAI5 என்று தனித்தனி கூப்பன், இரண்டுக்கும் ஒரே 5 சதவீதத் தள்ளுபடி. தள்ளுபடி கூடக்குறைய இருந்தால் பதிவை அல்ல, தள்ளுபடியைத்தான் அளப்பீர்கள்.

இப்போது கணக்கு. வீடியோவின் இணைப்பு வழியாக 9 ஆர்டர், கூப்பனில் 16. கூட்டி 25 என்று எழுதிவிடக் கூடாது. ஆர்டர் எண்களை ஒத்துப் பார்த்தால் 6 பேர் இணைப்பைத் தொட்டு வந்து கூப்பனும் போட்டவர்கள். ஆக 19 தான். படத்துக்கு அதே முறையில் 5. மீதி 16 ஆர்டரின் மூலம் தெரியாது. அவற்றை இரண்டு பதிவுக்கும் பங்கு போட்டால் கணக்கு பொய்யாகும். 'எங்கே பார்த்து வந்தீர்கள்?' என்று பணம் செலுத்தும் பக்கத்தில் கேட்டு வையுங்கள்.

கூப்பனுக்கும் ஒரு நோய் உண்டு. யாராவது அதைத் தள்ளுபடி தேடித் தரும் தளங்களில் போட்டுவிடுவார்கள். எப்படியும் வாங்கவிருந்தவர் கடைசி நிமிடத்தில் அங்கே தேடி எடுத்துப் போடுவார். பதிவு பழசாகி, அதன் இணைப்பை யாரும் தொடாத நாளில் கூப்பன் மட்டும் திடீரென ஏறினால் கசிந்துவிட்டது என்று பொருள். அந்த நாளுக்குப் பிறகு வந்ததைப் பதிவின் கணக்கில் சேர்க்காதீர்கள். 10 நாளில் காலாவதி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

லைக் குறைந்த அந்த உரல் வீடியோதான் 19 ஆர்டர் கொண்டுவந்தது. அடுத்த வாரமும் அவர் உரலைத்தான் படம் பிடிக்க வேண்டும்.