அஞ்சலட்டையில் இருந்த நகர்வு எண்



முறைவழி ஆட்டங்களைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும்படி கடிதம் வந்தபோது மகிழ்ந்தேன். பேச்சாளர் பட்டியலைப் பார்த்ததும் கொஞ்சம் கலக்கமும் வந்தது. என்னைவிடப் பல மடங்கு ஆட்டங்களைத் தங்கள் சர்வர்களில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே அடிப்படைகளைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கமாட்டேன். ஒருவர் நகர்த்திவிட்டுப் போவதும், நகர்வு சர்வரில் காத்திருப்பதும், மற்றவர் தமக்கு வசதியான நேரத்தில் வந்து பதில் நகர்த்துவதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

துறையின் வரலாற்றையும் விரைவாகவே கடந்துவிடலாம். ‘வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ்’ 2009-இல் வந்தது. இரண்டே ஆண்டில், அதை விளையாடிக்கொண்டிருந்த நடிகர் அலெக் பால்ட்வின் போனை அணைக்க மறுத்து விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். எத்தனை மணி நேரமானாலும் காத்திருக்கக்கூடிய ஓர் ஆட்டத்துக்காக இது நடந்தது என்பதை நம் துறை மறக்கக் கூடாது! அதே 2011-இல் ஆப்பிள் தன் கேம் சென்டரில் முறைவழி ஆட்டங்களுக்கு இடம் கொடுத்தது. கூகுளும் அப்படியொரு சேவையை நடத்தி, 2020 மார்ச் 31-இல் நிறுத்தியது. நகர்வுகளைச் சொந்தச் சர்வரில் வைக்க வேண்டுமா என்ற விவாதத்தை அந்தத் தேதியோடு முடித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பிற்பகல் அமர்வில் மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களில் பெரும்பாலானவை நினைவூட்டலைப் பற்றியவை. எந்த நேரத்தில் அனுப்புவது, எந்தச் சொற்களில் அனுப்புவது, எத்தனை முறை அனுப்புவது என்று நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் நினைவூட்டல் ஓர் ஏவலாள்தான். அது எந்த நகர்வைப் பற்றியது, அந்த நகர்வுக்குக் கெடு எப்போது, கெடு தாண்டினால் என்ன நடக்கும் ஆகிய மூன்றும் தீர்மானமாகாமல் சொற்களைச் செதுக்கிப் பயனில்லை. இந்த மூன்றுக்கும் விடை தரும் ஓர் ஆவணம் நம் ஆய்வுகளில் ஏறக்குறைய மேற்கோள் காட்டப்படுவதே இல்லை. அது அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் அஞ்சலட்டை.

முந்தைய ஒரு கூடுகையில் இதை நான் சொன்னபோது, அஞ்சலட்டை அருங்காட்சியகத்துக்கு உரியது என்று நண்பர் ஒருவர் நயமாக மறுத்தார். அவர் இங்கேதான் இருக்கிறார். அவருடைய மறுப்பை மதிக்கிறேன். அந்த அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்பதை மட்டும் இப்போது விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951-இல் உருவானது. அதன் ஆட்டக்காரர்கள் அனுப்பிய அட்டையில் வெறும் நகர்வு மட்டும் இருக்காது. நகர்வின் எண் இருக்கும். எதிராளி கடைசியாக நகர்த்தியதைத் திரும்ப எழுதி, அதன் பக்கத்தில் தம் பதிலை எழுதுவார்கள். எதிராளியின் அட்டை கைக்கு வந்த தேதி, பதில் எழுதிய தேதி, இதுவரை செலவான நாட்கள் ஆகியவையும் இருக்கும். எதிராளியின் நகர்வை எதற்குத் திரும்ப எழுத வேண்டும்? அட்டை தொலையலாம், கையெழுத்து புரியாமல் போகலாம், இரண்டு அட்டைகள் வழியில் ஒன்றையொன்று கடந்து போகலாம். ‘உங்கள் பதினேழாவது நகர்வு இதுதான் என்று எடுத்துக்கொண்டு இந்தப் பதிலைத் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டால், இருவர் பலகையும் ஒன்றா என்பது ஒவ்வோர் அட்டையிலும் சரிபார்க்கப்படுகிறது.

இதையே நம் சர்வருக்குக் கொண்டுவருவோம். ஒரு பெண் தன் போனிலும் டேப்லட்டிலும் ஒரே ஆட்டத்தைத் திறந்து வைத்திருக்கிறாள். இரண்டிலும் பதினேழு நகர்வுகள் முடிந்த பலகை தெரிகிறது. ரயிலில் சிக்னல் இல்லாமல் போனில் நகர்த்துகிறாள், அது போகாமல் நிற்கிறது. வீட்டுக்கு வந்து டேப்லட்டில் வேறொரு நகர்வைச் செய்கிறாள், அது உடனே போய்ச் சேர்கிறது. அரை மணி கழித்துப் போனுக்கு இணைப்பு கிடைத்து பழைய நகர்வும் சர்வரை அடைகிறது. நகர்வோடு எண்ணைச் சரிபார்க்காத சர்வர், இரண்டாவதையும் ஏற்று முதலாவதன்மேல் எழுதிவிடும். எதிராளி அதற்குள் பலகையைப் பார்த்திருந்தால், தன் கண்ணெதிரே காய் இடம் மாறியதாகப் புகார் எழுதுவான். இப்படிப்பட்ட புகார் ஒன்றிரண்டு வந்தாலே நோயின் பெயர் தெரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மருந்து மிகச் சிறியது.

```sql
UPDATE games
SET move_no = 18, turn = 'B',
    due_at = now() + interval '3 days'
WHERE id = 4127 AND move_no = 17 AND turn = 'A';
```

கடைசி வரிதான் அஞ்சலட்டை. பதினேழில் நின்றால் மட்டுமே பதினெட்டு ஏறும். நகர்வுப் பட்டியலில் பதினெட்டாம் வரியைச் சேர்ப்பதும் இதே பரிவர்த்தனைக்குள் நடக்க வேண்டும். எந்த வரிசையும் மாறவில்லை என்று விடை வந்தால் உடனே பிழை என்று காட்டிவிடக் கூடாது. சர்வர் ஏற்றுக்கொண்டும் அதன் பதில் வழியில் தொலைந்திருக்கலாம். போன் அதே நகர்வை மறுபடி அனுப்பியிருக்கலாம். ஆகவே ஏற்கெனவே பதிவான பதினெட்டாம் நகர்வை எடுத்துப் பார்க்க வேண்டும். இப்போது வந்ததும் அதுவும் ஒன்றே என்றால் ‘ஏற்றாயிற்று’ என்று சொல்ல வேண்டும். வேறு என்றால் புதிய பலகையைக் காட்டி, பழைய நகர்வு ஏற்கப்படவில்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கெடு முடிந்ததா என்று பார்க்கும் பின்னணி நிரலுக்கும் இதே நிபந்தனைதான். கெடு முடிந்த ஆட்டங்களை முதலில் பட்டியல் எடுத்து, பிறகு ஒவ்வொன்றாகத் தோல்வி எழுதினால், நடுவில் உள்ள சில நொடிகளில் வந்து சேர்ந்த நகர்வு அநியாயமாகச் சாகும். தோல்வி எழுதும் வரியிலும் நகர்வு எண்ணும் கெடுவும் சேர்த்துச் சோதிக்கப்பட வேண்டும். சர்வரே சில மணி நேரம் படுத்துவிட்டால், அந்த நேரத்தை ஓடிக்கொண்டிருக்கும் எல்லாக் கெடுக்களிலும் சேர்த்துவிட வேண்டும். அஞ்சல் வழியில் போன நாட்களை ஆட்டக்காரர் கணக்கில் வைக்காமல் விட்டவர்கள் இந்த நியாயத்தை நமக்கு முன்பே கண்டுகொண்டவர்கள்.

நினைவூட்டலுக்கு இப்போது வருகிறேன். அஞ்சல் ஆட்டத்தில் எதிராளியிடமிருந்து விதித்த நாட்களுக்குள் பதில் வராவிட்டால் என்ன செய்வார்கள்? ‘மறந்துவிட்டீர்களா?’ என்று எழுதமாட்டார்கள். தம் நகர்வை முழுமையாகத் திரும்ப எழுதி அனுப்புவார்கள். மௌனம் தொடர்ந்தால் போட்டி நடத்துநருக்குத் தெரிவிப்பார்கள். அதாவது நினைவூட்டலிலேயே ஆட்டத்தின் நிலை இருந்தது, அதற்கு விதியில் ஓர் இடம் இருந்தது, நடுவருக்கும் தெரிந்தது. இன்றைய ‘உங்களைக் காணோமே’ வகை நோட்டிஃபிகேஷனில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

மூன்று நாள் கெடு உள்ள ஆட்டத்தில் நான் இரண்டு அறிவிப்புகளோடு நிறுத்திக்கொள்வேன். எதிராளி நகர்த்திய உடனே ஒன்று, கெடுவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கும்போது இன்னொன்று. அந்தப் பன்னிரண்டாம் மணி ஆட்டக்காரரின் ஊரில் நள்ளிரவு என்றால் முந்தைய மாலைக்கே தள்ள வேண்டும்; காலைக்குத் தள்ளினால் மிஞ்சும் நேரம் குறைந்துவிடும். அறிவிப்பைத் திட்டமிடும்போதே ஆட்ட எண்ணையும் நகர்வு எண்ணையும் அதோடு எழுதி வைத்து, அனுப்பும் நொடியில் ஆட்டம் இன்னும் அதே எண்ணில் நிற்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சத்தமில்லாமல் கைவிட வேண்டும். ஆப்பிள் வழியாக அனுப்புபவர்கள் `apns-collapse-id`-இல் ஆட்ட எண்ணை வைத்தால் புதிய அறிவிப்பு பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். `apns-expiration`-இல் கெடுவை வைத்தால், அணைந்து கிடந்த போன் இரண்டு நாள் கழித்து உயிர்பெறும்போது செத்த செய்தி வந்து நிற்காது. இந்த ஒழுங்கு சரியாக இருக்கிறதா என்று அறிய ஓர் அளவு போதும்: அறிவிப்பைத் தொட்டு உள்ளே வந்தவர்களில் எத்தனை பேருக்கு அப்போது முறை இல்லை? அது பூஜ்யத்தை ஒட்டி இல்லையென்றால், வாசகத்தை மாற்றிப் பார்க்கும் சோதனைகளை எல்லாம் ஒத்திவைக்கலாம்.

அறிவிப்பு போய்ச் சேரும் என்று நம்பிக் கெடு வைக்கவும் கூடாது. ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்குப் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஐபோனில் இது எப்போதோ இருப்பது. ‘வேண்டாம்’ என்று சொன்னவரும் நியாயமாக விளையாட முடிய வேண்டும். செயலியைத் திறந்ததும் கெடு நெருங்கிய ஆட்டம் முதலில் தெரிவதும், மின்னஞ்சலில் ஒரு வரி போவதும் அதற்காகத்தான்.

எஞ்சியிருப்பது மௌனத்தின் விளைவு. இங்கே ஆப்பிளின் கேம் சென்டரைப் பற்றி ஒரு பழைய வழக்கு எனக்கு உண்டு. முறையை முடிக்கும்போது அடுத்து வரவேண்டியவர்களின் வரிசை ஒன்றையும் காலக்கெடுவையும் அதனிடம் கொடுக்கிறோம். முதலாமவர் கெடுவுக்குள் வரவில்லை என்றால் முறை இரண்டாமவருக்குப் போகும். ஆனால் வரிசையில் கடைசியில் இருப்பவருக்குக் கெடு ஒருபோதும் முடியாது. ஆவணத்திலேயே இது இருக்கிறது. இருவர் ஆடும் ஆட்டத்தில் எதிராளியின் பெயரை மட்டும் கொடுப்பவர்கள், ஒரு வாரக் கெடு வைத்துவிட்டதாக நம்பிக்கொண்டு, என்றும் முடியாத ஆட்டங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதிராளிக்குப் பின்னால் தம் பெயரையும் வரிசையில் சேர்த்தால், கெடு கடந்ததும் முறை தம்மிடமே திரும்பி வரும். அப்போது செயலி அதைக் கண்டுகொண்டு தோல்வி எழுதலாம். முடியாத ஆட்டங்களுக்கு அறிவிப்புச் சொற்களைக் குற்றம் சொன்ன கட்டுரை ஒன்றை நான் படித்திருக்கிறேன். ஆசிரியர் பெயரை இங்கே சொல்லவேண்டியதில்லை.

பலர் ஆடும் ஆட்டங்களுக்கு இன்னொரு பழைய வழி இருக்கிறது. ஏழு பேர் ஆடும் ‘டிப்ளமசி’யை அஞ்சலில் நடத்த ஜான் போர்ட்மன் 1963-இல் ‘கிரௌஸ்டார்க்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். அந்த மரபில் கெடு நாளுக்குள் ஒருவருடைய ஆணைகள் வராவிட்டால் அவருடைய படைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். மற்ற ஆறு பேரின் ஆட்டம் தொடரும். வராதவரைத் தண்டிப்பதைவிட, வந்தவர்களைக் காக்கவைக்காமல் இருப்பதே முக்கியம் என்ற தெளிவு அதில் இருந்தது.

நண்பர்களே, கருத்தரங்கின் கருப்பொருளைவிட்டு நான் வெகுதூரம் போய்விட்டதாக அமைப்பாளர்களின் முகம் சொல்கிறது. இரண்டு நாளும் கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். நினைவூட்டலைப் பற்றிய உங்கள் முடிவுகளை முன்வைப்பதற்கு முன், உங்கள் ஆட்டத்தில் ஒருவர் வராமலே இருந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். அந்த வரி இல்லாத கட்டுரைக்கு முதல் கேள்வி தலைமை மேசையிலிருந்தே வரும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.