இரண்டு வரி எழுதித் தரச் சொல்லி எப்படிக் கேட்பது?

(வீட்டுத் தொழில் செய்யும் பெண்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வீட்டிலேயே அபாயா தைத்துக் கொடுக்கும் நம் சகோதரி ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார். "வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா கூகுள்ல நம்ம கடைக்கு இருக்கிறது ஒரே ஒரு கருத்து. அதுவும் பெருநாள் துணி தாமதமாச்சுன்னு ஒருத்தர் திட்டினது."

குறை உள்ளவர் கேட்காமலே எழுதிவிடுவார். நிறைவோடு போனவர் கேட்டால்தான் எழுதுவார்.

அந்தச் சகோதரியும் கேட்கத்தான் செய்தார். துணி கொடுத்து இரண்டு வாரம் கழித்து, "நம்ம கடையப் பத்தி நல்லா எழுதுங்க அக்கா" என்றார். எல்லோரும் சரி என்றார்கள், ஒருவரும் எழுதவில்லை. எங்கே எழுதுவது, என்ன எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு முறையை மாற்றினோம். கடைப் பக்கத்தை நிர்வகிக்கும் கூகுள் கணக்கிலேயே, கருத்துக் கேட்பதற்கான தனி லிங்க் கிடைக்கும். அதை எடுத்து, துணி கொடுத்த மறுநாளே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினார்:

"அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. அபாயா அளவு எப்படி இருக்கு? சொன்ன நாளில் கிடைச்சுதா? உள்ளதை உள்ளபடி இரண்டு வரி இந்த லிங்க்கில் எழுதினா, புதுசா வர்றவங்களுக்கு உதவியா இருக்கும்."

ஒருவர் எழுதினார்: "உயரம் சரியா வருமான்னு பயந்தேன். கச்சிதமா இருக்கு. சொன்ன வியாழக்கிழமையே கொடுத்துட்டாங்க." 'சூப்பர்' என்று பத்துப் பேர் எழுதுவதைவிட இந்த ஒன்று மேல். தாமதம் என்ற பழைய குறைக்கு வாடிக்கையாளரே பதில் சொல்லிவிட்டார். நாம் கேட்ட கேள்வி குறிப்பாக இருந்ததால் பதிலும் குறிப்பாக வந்தது.

சிலவற்றைச் செய்யக் கூடாது. கருத்து எழுதினால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள். வீட்டில் உள்ளவர்களை எழுத வைக்காதீர்கள். சிரித்த முகத்தோடு போனவருக்கு மட்டும் லிங்க் அனுப்பி, முகம் சுளித்தவரை விட்டுவிடாதீர்கள். மூன்றுமே கூகுள் விதிக்கு மாறானவை. கண்டுபிடித்தால் கருத்துகளை நீக்கிவிடுவார்கள். படிப்பவர்களை ஏமாற்றுவதும் ஆகும். வாங்கிய எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புங்கள். வேலை சுத்தமாக இருந்தால் நல்ல கருத்து தானாகவே அதிகம் வரும். பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கூகுளில் எழுதினால், எழுதுபவரின் கணக்குப் பெயரும் படமும் எல்லோருக்கும் தெரியக்கூடும். நம் பெண்கள் பலர் அதை விரும்புவதில்லை. அவர்களை வற்புறுத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "உங்க பேரும் நம்பரும் இல்லாம இதை ஸ்டேட்டஸ்ல போடலாமா?" என்று கேளுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகே போடுங்கள்.