மறுக்க வழிவிட்டுக் கேட்பது

நண்பரிடம் வண்டி கேட்கும்போது, அவர் எளிதாக மறுக்கவும் வழி இருக்க வேண்டும். நியூசிலாந்தில் வாகனக் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. காப்பீடு இருந்தாலும், இளைஞரோ வேறொருவரோ ஓட்டினால் சில பாலிசிகள் இழப்பீடு தருவதில்லை. அதனால் நண்பரின் தயக்கத்துக்குக் காரணம் இருக்கலாம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லும்படி ஆகக் கூடாது.

உதாரணமாக, ஆக்லாந்தில் சாண்ட்ரிங்காமிலிருந்து மனுகாவுக்குக் கட்டில் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். நண்பரிடம் யூட் இருக்கிறது. நேரில் கேட்டால் முகத்துக்கு நேரே மறுப்பது கடினம். அதனால் வாட்ஸ்அப்பில் கேட்கலாம்:

"அண்ணா, சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை யூட் கிடைக்குமா? கட்டில் ஒன்றை மனுகாவுக்குக் கொண்டுபோகணும். முடியலைன்னா வாடகை வேன் பார்த்து வெச்சிருக்கேன். வியாழனுக்குள்ள சொன்னா போதும்."

நேரமும் தூரமும் தெளிவு. யோசிக்க நாள் இருக்கிறது. வேன் இருப்பதால் மறுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த வேன் உண்மையாக இருக்க வேண்டும். வெறும் பேச்சாக இருந்தால் நண்பருக்குத் தெரிந்துவிடும்.

"சனிக்கிழமை சும்மாதானே இருக்கீங்க?" என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு யூட்டைக் கேட்பது நல்லதல்ல. ஆமாம் என்று சொன்னவர் மறுக்க வழியின்றி மாட்டிக்கொள்வார்.

"பார்த்துச் சொல்றேன்" என்றவர் வியாழன் வரை பேசாவிட்டால், பெரும்பாலும் அதுவே மறுப்பு. மறுபடி கேட்காமல், காரணமும் கேட்காமல், வேனைப் பதிவு செய்துவிடலாம்.